சென்ட் போத்தலுக்கு ஆண், பெண் கிடையாது

பெருநாள் நெருங்கும்போது எந்தச் சென்ட் கடைக்குள் நுழைந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: “லேடீஸுக்கா, ஜென்ட்ஸுக்கா?” உங்களுக்கு என்ன வாசம் பிடிக்கும், எங்கே போட்டுப் போகப் போகிறீர்கள், வெயிலிலா ஏசி அறையிலா, தலையிடி வரும் ஆளா என்று எவரும் கேட்பதில்லை. ஒரு பக்கம் கறுப்பும் நீலமுமாகச் சதுரப் போத்தல்கள். மறுபக்கம் ரோஸ் நிறத்தில், வளைவு நெளிவாக, மூடியில் பூ வைத்த போத்தல்கள். நாமும் நல்ல பிள்ளைகள் மாதிரி எங்கள் பக்கத்தில் போய் நிற்கிறோம்.

நான் சொல்ல வருவது இதுதான். அந்த லேபிள் போத்தலுக்குள் இருக்கும் திரவத்தைப் பற்றிப் பேசுவதில்லை. அதை யாரிடம் விற்பது என்று கம்பனி எடுத்த முடிவைப் பற்றித்தான் பேசுகிறது. அந்த முடிவுக்கு நாங்கள் ஏன் கட்டுப்பட வேண்டும்? கட்டுப்படுவதால் சல்லியும் போகிறது, பிடிக்காத வாசத்தையும் சுமந்து திரிகிறோம்.

“டீச்சர் சும்மா சொல்றீங்க, ஆம்பளை வாசம் வேற, பொம்பளை வாசம் வேற, மூக்குக்கே தெரியும்” என்பவர்களுக்குப் பதில் சொல்ல எங்கள் வாப்பாமார் சவரம் செய்துவிட்டுக் கன்னத்தில் தடவிய ஓல்ட் ஸ்பைஸிலிருந்து தொடங்குகிறேன். கப்பல் படம் போட்ட வெள்ளைப் போத்தல். அதைவிட ஆண்பிள்ளைத்தனமான வாசம் எங்கள் தலைமுறைக்குத் தெரியாது. ஆனால் 1937இல் அமெரிக்காவில் ஓல்ட் ஸ்பைஸ் என்ற பெயர் முதன்முதலாகச் சந்தைக்கு வந்தது பெண்களுக்கான பொருளாக. ஆண்களுக்கான ஓல்ட் ஸ்பைஸ் அடுத்த வருடம், 1938இல்தான் வந்தது. கறுவா, கராம்பு, பூ எல்லாம் கலந்த அந்த வாசக் குடும்பத்துக்கு ஆண் என்ற முத்திரையைக் குத்தியது மூக்கு அல்ல, விற்பனை.

இன்னும் பின்னே போவோம். ஜேர்மனியின் கொலோன் நகரத்தில் ஃபரினா என்ற இத்தாலியக் குடும்பம் 1709இல் தொடங்கிய வியாபாரத்திலிருந்துதான் ‘ஓ டி கொலோன்’ உலகம் முழுக்கப் பரவியது. தோடம்பழத் தோல், தேசிக்காய், தோடம்பூ, மூலிகை ஆகியவற்றின் வாசம். அதை ஆண்களும் பூசினார்கள், பெண்களும் பூசினார்கள். நெப்போலியன் போத்தல் போத்தலாகத் தலையில் ஊற்றிக்கொண்டது வரலாறு. இன்று அதே தோடம்பழத் தோல் வாசத்தைக் கறுப்புப் போத்தலில் ஊற்றினால் ‘ஸ்போர்ட்’ என்று ஆண்கள் தட்டுக்குப் போகிறது. மஞ்சள் போத்தலில் ஊற்றினால் ‘ஃப்ரெஷ்’ என்று பெண்கள் தட்டுக்குப் போகிறது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் மல்லிகையுடையது. மல்லிகை என்றால் எங்கள் ஊர்களில் கல்யாண வீட்டுப் பெண் வாசம். ஒரு ஆண் மல்லிகை பூசினான் என்றால் சிரிப்பார்கள். இப்போது கவனியுங்கள். மல்லிகை வாசத்துக்குள் இயற்கையாகவே இருக்கும் ஒரு பொருளோடு நெருங்கிய தொடர்புள்ள மூலக்கூறு ஒன்றைச் சுவிஸ் கம்பனி ஒன்றின் இரசாயனவியலாளர்கள் உருவாக்கினார்கள். அதன் வியாபாரப் பெயர் ஹெடியோன். கனமான மல்லிகை இல்லை. விடியற்காலையில் மல்லிகைச் செடிக்குப் பக்கத்தால் நடந்துபோகும்போது காற்றில் வருமே, அந்த மாதிரி லேசான மல்லிகை. இந்தப் பெண் பூவின் மூலக்கூறைப் பெரிய அளவில் உலகுக்கு அறிமுகப்படுத்திய சென்ட் எது தெரியுமா? 1966இல் டியோர் வெளியிட்ட ‘ஓ சோவாஜ்’. எட்மண்ட் ருட்நிட்ஸ்கா செய்தது. ஆண்களுக்கென்று விற்கப்பட்டது. இன்றும் ஆண்கள் சென்ட் வரலாற்றில் முதல் வரிசையில் வைத்துப் பேசப்படுவது.

தேசிக்காய், மூலிகை, அவற்றின் நடுவில் மல்லிகைக் காற்று. போத்தல் ஆணுடையதாக இருந்ததால் அதை நுகர்ந்த கோடிக்கணக்கான ஆண்கள் “நான் மல்லிகை பூசியிருக்கிறேன்” என்று நினைக்கவே இல்லை. ‘சுத்தமான, கம்பீரமான ஆண் வாசம்’ என்றார்கள். பிறகு அதே ஹெடியோன் பெண்களின் சென்ட்டுகளுக்குள்ளும் தாராளமாகப் போனது. இன்று கடையில் இரண்டு பக்கத்துத் தட்டுகளிலும் அது இல்லாத போத்தலைத் தேடுவதுதான் கஷ்டம். மூலக்கூறு ஒன்றுதான். ஒரு தட்டில் அது வீரம், மறுதட்டில் அது நளினம்.

நம்பாவிட்டால் ஒரு சின்னப் பயிற்சி செய்து பாருங்கள். வீட்டில் இருக்கும் ஆண் சென்ட் பெட்டி ஒன்றையும் பெண் சென்ட் பெட்டி ஒன்றையும் எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்புங்கள். ஐரோப்பாவில் விற்கப்படும் சென்ட்டாக இருந்தால், ஒவ்வாமை உண்டாக்கக்கூடிய வாசப் பொருட்கள் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருக்கும்போது அவற்றின் பெயர்களை எழுதியே ஆக வேண்டும் என்பது அங்கே சட்டம். இரண்டு பெட்டியிலும் பெரும்பாலும் ஒரே பெயர்கள்தான் வரும்: லிமோனீன், லினலூல், கூமரின், ஜெரானியோல், சிட்ரோனெல்லோல். லிமோனீன் என்றால் தோடம்பழத் தோல். லினலூல் லவண்டரிலும் இருக்கிறது, கொத்தமல்லி விதையிலும் இருக்கிறது. கூமரின் காய்ந்த புல்லின் இனிப்பு வாசம். ஜெரானியோலும் சிட்ரோனெல்லோலும் ரோஜாவிலும் இருக்கின்றன, எங்கள் நாட்டுச் சிற்றனெல்லா எண்ணெயிலும் இருக்கின்றன. எந்தப் பெயருக்குப் பக்கத்திலும் ஆண் என்றோ பெண் என்றோ எழுதப்பட்டிருக்காது.

இதை வைத்து இரண்டு போத்தலுக்குள்ளும் ஒரே திரவம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பட்டியல் அளவைச் சொல்வதில்லை, மிச்சம் எல்லாவற்றையும் ‘பர்ஃபம்’ என்ற ஒரே சொல்லுக்குள் ஒளித்து வைக்கிறது. அரிசி, தேங்காய்ப்பால், ஏலம் என்ற அதே சாமான்களில் ஒருவர் பால்சோறு வைப்பார், இன்னொருவர் நெய்ச்சோறு வைப்பார். சமையல் வேறு, உண்மை. ஆனால் பால்சோறு பெண்ணுக்கு, நெய்ச்சோறு ஆணுக்கு என்று சகன் வைத்தால் நாங்கள் சிரிக்க மாட்டோமா?

அப்படியென்றால் கம்பனிகள் ஏன் பிரிக்கின்றன? கணக்கு இலேசானது. புருசனும் பெண்சாதியும் ஒரே போத்தலைப் பாவித்தால் ஒரு போத்தல்தான் விற்கும். பிரித்தால் இரண்டு விற்கும். அன்பளிப்பு வாங்குபவருக்கும் இலேசு. வாசம் தெரியாத ஆள்கூடப் பெட்டியின் நிறத்தைப் பார்த்து வாங்கிவிடலாம். பிரிப்பது இயற்கையின் கட்டாயம் இல்லை என்பதற்குக் கம்பனிகளே சாட்சி. 1994இல் கல்வின் க்ளைன் ‘சிகே வன்’ என்ற சென்ட்டை ஆணுக்கும் பெண்ணுக்கும் சேர்த்து என்று பகிரங்கமாகச் சொல்லி விற்றது. பிய்த்துக்கொண்டு போனது. பிரிப்பதில் இலாபம் என்றால் பிரிப்பார்கள், சேர்ப்பதில் இலாபம் என்றால் சேர்ப்பார்கள். இதில் எங்கள் மூக்குக்கு ஒரு வேலையும் இல்லை.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு காரமாக எழுதுகிறேன் என்று கேட்கலாம். தரம் 10இல் ஒரு பையன். உம்ராவுக்குப் போய் வந்த பெரியவர் கொடுத்த ரோஜா அத்தரை உடுப்பில் தடவிக்கொண்டு வகுப்புக்கு வந்தான். பின் வாங்கிலிருந்து ஒருவன் “பொம்பளைச் சென்ட்” என்றான். அன்று முழுக்க அந்தப் பெயர்தான். அடுத்த நாள் அவன் கடையில் கிடைக்கிற மலிவு பொடி ஸ்ப்ரே ஒன்றை மூச்சுமுட்ட அடித்துக்கொண்டு வந்தான். முன் வாங்கில் இருந்த இரண்டு பேருக்கு இருமல். சிரித்தவன் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆவுக்குப் போகிறவன். அங்கே முன் சஃப்பில் நிற்கும் பெரியவர்களின் காதோரத்தில் மணப்பது அதே ரோஜா அத்தர்தான். பள்ளிவாசலில் அது பெரிய மனிதர் வாசம், வகுப்பில் பொம்பளை வாசம். மாறியது ரோஜாவா, அதைச் சுற்றி அவன் பார்த்த விளம்பரமா?

இந்த இடத்தில் மார்க்கத்தைக் கொண்டுவருபவர்கள் இருப்பார்கள். அதையும் பேசிவிடுவோம். ஆண்களின் நறுமணத்துக்கும் பெண்களின் நறுமணத்துக்கும் வித்தியாசம் சொல்லப்பட்டிருப்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பேச்சு வாசம் எவ்வளவு தூரம் வெளியே பரவுகிறது, எங்கே பூசிக்கொண்டு போவது என்பதைப் பற்றியது. ரோஜா பெண்ணுக்கு, சந்தனம் ஆணுக்கு, இனிப்பு அவளுக்கு, கசப்பு அவனுக்கு என்று பூக்களைப் பங்கு பிரித்த பேச்சு அல்ல. பெண்கள் எங்கே, எந்த அளவு பூசலாம் என்பதை உலமாக்களிடம் கேளுங்கள். அது இந்தப் பதிவின் விடயம் இல்லை. பிரெஞ்சுக் கம்பனியின் லேபிளை மட்டும் மார்க்கத் தீர்ப்பாக்கி விடாதீர்கள்.

லேபிளில் ஒன்றுமே இல்லையா என்றால், கொஞ்சம் இருக்கிறது. ‘ஃபோர் மென்’ என்றால் லவண்டர், மூலிகை, காய்ந்த மரம் வர வாய்ப்பு அதிகம். ‘ஃபோர் விமன்’ என்றால் பழம், பூ, வனிலா வர வாய்ப்பு அதிகம். லவண்டரும் கூமரினும் மரப்பாசியும் சேர்ந்த வாசத்தை ஆண் வாசம் என்று நாங்கள் உணர்வதற்குக் காரணம், சலூன்களும் சவரச் சவர்க்காரங்களும் அதைத் தலைமுறை தலைமுறையாக எங்கள் மூக்கில் ஏற்றியதுதான். அந்தக் குடும்பத்துக்குப் பெயர் கொடுத்த ‘ஃபுஜேர் ரோயால்’ 1882இல் வந்தது. ஏழு வருடம் கழித்து, 1889இல் அதே லவண்டரையும் கூமரினையும் எடுத்து வனிலாவோடு சேர்த்து கெர்லான் ‘ஜிக்கி’யைச் செய்தது. அதை ஆண்களும் பெண்களும் இரண்டு பேரும் பூசி வந்திருக்கிறார்கள். ஆகவே லேபிள் ஒரு ஊகம் மட்டும். கடையில் எந்தப் பக்கத்தில் தேடத் தொடங்கலாம் என்று சொல்லும், எங்கே தேடலை நிறுத்த வேண்டும் என்று சொல்ல அதற்கு உரிமை இல்லை.

இன்னொரு வாதம், “ஆண் தோல் வேறு, பெண் தோல் வேறு, அதனால் வாசமும் வேறு” என்பது. தோல் வித்தியாசப்படும், சரி. எண்ணெய்த் தோலில் வாசம் கூடுதல் நேரம் நிற்கும், வரண்ட தோலில் சீக்கிரம் போகும். ஆனால் எண்ணெய்த் தோல் உள்ள பெண்கள் இல்லையா, வரண்ட தோல் உள்ள ஆண்கள் இல்லையா? தோல் காரணம் என்றால் போத்தலில் ‘வரண்ட தோலுக்கு’ என்றல்லவா எழுத வேண்டும்? ‘ஃபெரோமோன்’ கலந்தது, எதிர்ப்பாலாரை இழுக்கும் என்று விற்கப்படும் போத்தல்களைப் பற்றி ஒரே வசனம் போதும்: மனிதரில் அப்படி வேலை செய்யும் ஒரு பொருளை விஞ்ஞானம் இதுவரை உறுதியாக அடையாளம் காணவில்லை.

சரி, லேபிளைப் பார்க்காமல் எப்படி வாங்குவது? என்னோடு படிப்பிக்கும் டீச்சர் ஒருவருக்கு வாங்கிய கதையோடு சொல்கிறேன். அவருக்குப் பஸ்ஸில் ஒரு மணித்தியாலப் பயணம். இனிப்பு வாசம் என்றால் தலையிடி. ஆனால் அவரிடம் இருந்த மூன்று போத்தலும் இனிப்பு, ஏனென்றால் மூன்றும் அன்பளிப்பு, மூன்றும் ரோஸ் பெட்டி.

கடைக்குப் போக முன்னர் முதல் வேலை, தேவையை வீட்டுச் சொற்களில் சொல்லிப் பார்ப்பது. ‘ஃப்ளோரல்’, ‘வுடி’ என்ற கடைச் சொற்கள் வேண்டாம். தேசிக்காய்த் தோல், மல்லிகை, கறுவா, சந்தனம், மழை பெய்த மண், சவர்க்காரம், வட்டிலப்பம். இவற்றில் எது நாள் முழுக்கப் பக்கத்தில் இருந்தால் உங்களுக்குச் சுகம்? எது இருந்தால் எரிச்சல்? அவர் சொன்னது: “வெட்டிவேர் போட்ட தண்ணி மாதிரி, தேசிக்காய் கொஞ்சம். வட்டிலப்பம் வேணவே வேணாம்.” இது போதும். கடைக்காரரிடம் இதை அப்படியே சொல்லுங்கள். அவர் “லேடீஸுக்கா” என்று கேட்டால், “மூக்குக்கு” என்று சொல்லுங்கள்.

இரண்டாவது, கண்ணை வேலையிலிருந்து நீக்குவது. கூடப் போனவர், அதாவது நான், நான்கு கடதாசிப் பட்டிகளில் பென்சிலால் 1, 2, 3, 4 என்று எழுதினேன். கடைத் தம்பியிடம் கொடுத்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சென்ட்டை ஒரு தடவை அடித்துத் தரச் சொன்னேன். எது எது என்று எனக்கும் அவருக்கும்தான் தெரியும். டீச்சர் மறுபக்கம் திரும்பி நின்றார். கடையில் பட்டி இல்லாவிட்டால் வீட்டிலிருந்து வெள்ளைக் கடதாசியை விரல் அகலத்துக்கு வெட்டிக்கொண்டு போங்கள். அடித்தவுடன் மூக்கில் வைக்க வேண்டாம், முதலில் வருவது மதுசாரத்தின் எரிவு. அரை நிமிடம் விடுங்கள்.

நான்குக்கு மேல் வேண்டாம். ஐந்தாவதிலிருந்து மூக்கு களைத்துவிடும், எல்லாம் ஒன்று போலத் தெரியும். இடையில் மூக்கைச் சுத்தம் செய்யக் கோப்பிக் கொட்டை நீட்டுவார்கள். சோதித்துப் பார்த்த ஆய்வில் அது சும்மா காற்றைவிட மேலாக ஒன்றும் செய்யவில்லை. கடைக்கு வெளியே போய் இரண்டு நிமிடம் நில்லுங்கள், அதுவே போதும்.

மூன்றாவது, காத்திருப்பது. இதில்தான் எங்கள் ஆட்கள் தோற்றுப் போகிறார்கள். சென்ட்டில் உள்ள பொருட்கள் எல்லாம் ஒரே வேகத்தில் ஆவியாவதில்லை. தேசிக்காய், தோடம்பழம் போன்ற இலேசானவை முதல் பதினைந்து நிமிடத்தில் பெரும்பாலும் போய்விடும். பூக்களும் மசாலாக்களும் அடுத்த சில மணித்தியாலங்கள். மரம், வனிலா, கஸ்தூரி வகைகள் கடைசிவரை. கடையில் ஐந்து நிமிடம் நின்று வாங்குபவர் முதல் பதினைந்து நிமிட வாசத்துக்குச் சல்லி கொடுக்கிறார், மிச்ச ஆறு மணித்தியாலம் வேறொரு வாசத்தோடு வாழ்கிறார். ஆண் பெண் என்ற வேறுபாட்டைக் கம்பனிகள் கூடுதலாகக் காட்டுவதும் இந்தத் தொடக்கத்தில்தான் என்பது என் மூக்கு சொல்வது. அங்கே ஒரு கரண்டி லவண்டர், இங்கே ஒரு கரண்டி பழம். பின்னேரம் ஆகும்போது இரண்டும் ஒரே கஸ்தூரி, ஒரே மரம் என்று நெருங்கி வந்துவிடும்.

நாங்கள் நான்கு பட்டிகளையும் தனித்தனிக் கடித உறைகளில் போட்டு எடுத்துக்கொண்டு தேத்தண்ணிக் கடைக்குப் போனோம். பத்து நிமிடத்தில் நான்கும் நல்ல வாசம். ஒரு மணித்தியாலத்தில் கதை மாறியது. 1ஆவது முழுக்க வட்டிலப்பம். 2ஆவது ரோஜாவும் சந்தனமும். 3ஆவது காய்ந்த வேர், அடியில் தேசிக்காயின் நினைவு. 4ஆவதை அவர் முகர்ந்துவிட்டு, “எங்கட வாப்பா சலூனுக்குப் போயிட்டு வந்த மாதிரி” என்றார். அவருக்குப் பிடித்தது 3. பிறகுதான் சொன்னேன்: 1உம் 2உம் பெண்கள் தட்டு, 3உம் 4உம் ஆண்கள் தட்டு. “அப்ப நான் இவ்வளவு நாளும் தப்பான பக்கத்தில நிண்டிருக்கன்” என்றார். பட்டிகளை வீட்டுக்குக் கொண்டுபோனார். அவர் கணவர், எண் மட்டும் பார்த்து முகர்ந்து, எடுத்தது 2. ரோஜாவும் சந்தனமும்.

நான்காவது, தோலில் பார்ப்பது. கடதாசி வியர்ப்பதில்லை. அடுத்த கிழமை திரும்பப் போய் 3ஐ முழங்கைக்குக் கீழே ஒரு தடவை அடித்துக்கொண்டு வெயிலில் பஸ் ஏறச் சொன்னேன். எங்கள் வெப்பத்தில் எல்லாம் வேகமாக ஆவியாகும். அதனால் பாரமான இனிப்பு வாசங்கள் இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும், இலேசானவை மதியத்துக்கு முன் காணாமல் போகும். மணிக்கட்டுகளை ஒன்றோடொன்று உரச வேண்டாம், உரசும் சூட்டில் தொடக்க வாசம் இன்னும் சீக்கிரம் பறக்கும். அடித்த இடத்தில் சிவந்து கடித்தால் அந்தப் போத்தலை விட்டுவிடுங்கள், எவ்வளவு பிடித்திருந்தாலும். பெட்டியின் பின்னால் இருக்கும் பெயர்களை ஒரு படம் எடுத்து வையுங்கள். மூன்று தடவை கடித்தால் மூன்றிலும் பொதுவான பெயர் எது என்று பார்த்து, அதை மருத்துவரிடம் காட்டலாம்.

கடைசியாக விலை. இங்கே லேபிள் இன்னொரு விதமாக ஏமாற்றும். ஆண்களின் சென்ட் பெரும்பாலும் ‘ஓ டி துவாலெட்’ ஆகவும், பெண்களுடையது பெரும்பாலும் ‘ஓ டி பர்ஃபம்’ ஆகவும் வரும். முதலாவதில் வாச எண்ணெய் குறைவு, பொதுவாக நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு. இரண்டாவதில் 15 முதல் 20. எனவே போத்தல் விலையை மட்டும் ஒப்பிட்டால் பிழைக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஓ டி துவாலெட் 100 மில்லி 6,500 ரூபா என்று வைப்போம், மில்லிக்கு 65 ரூபா. ஒரு ஓ டி பர்ஃபம் 50 மில்லி 5,200 ரூபா, மில்லிக்கு 104 ரூபா. முதலாவது மலிவு போலத் தெரிகிறது. ஒரு தடவை அமுக்கினால் சுமார் 0.1 மில்லி வெளியே வரும். பாடசாலை விடும்வரை நிற்க முதலாவது நான்கு தடவை வேண்டும், இரண்டாவது இரண்டு தடவை போதும் என்றால், ஒரு நாள் செலவு முதலாவதுக்கு 26 ரூபா, இரண்டாவதுக்கு ஏறக்குறைய 21 ரூபா. விலை கூடிய போத்தல் மலிவாகிவிட்டது. எத்தனை தடவை வேண்டும் என்பதை உங்கள் தோலில் பார்த்த நாளில்தான் அறிய முடியும். அதனால்தான் தோல் முதலில், கணக்குப் பிறகு.

இரண்டு பொறிகளில் மட்டும் கவனம். ஒரே பெயரில் ‘ஃபோர் ஹிம்’, ‘ஃபோர் ஹேர்’ என்று சோடியாக வருபவை ஒன்றுக்கொன்று சொந்தம் என்று நினைக்க வேண்டாம். பல நேரம் பெயரைத் தவிர வேறு உறவே இருக்காது. ஒன்றை முகர்ந்துவிட்டு மற்றதை வாங்காதீர்கள். அதே போல ஒரே சென்ட்டின் துவாலெட்டும் பர்ஃபமும் அடர்த்தியில் மட்டும் அல்ல, சேர்மானத்திலும் வேறாக இருக்கலாம். எதை முகர்ந்தீர்களோ அதையே வாங்குங்கள். ‘யூனிசெக்ஸ்’ என்று எழுதியிருப்பதையும் தலையில் தூக்கி வைக்க வேண்டாம். டுபாயில் இருந்து வருபவற்றில் அந்தச் சொல் நிறையவே இருக்கிறது. அதுவும் ஒரு லேபிள்தான், இரண்டு பேரிடமும் விற்கும் லேபிள்.

கடை வைத்திருக்கும் நானாமாருக்கும் ஒரு வேண்டுகோள். இந்தப் பெருநாளுக்கு ஒரேயொரு தட்டை மாற்றி அடுக்கிப் பாருங்கள். லேடீஸ், ஜென்ட்ஸ் என்பதைக் கழற்றிவிட்டு ‘தேசிக்காய்’, ‘பூ’, ‘மசாலா’, ‘மரம்’, ‘இனிப்பு’ என்று ஐந்து துண்டு ஒட்டுங்கள். பக்கத்தில் ஒரு கட்டு வெள்ளைக் கடதாசிப் பட்டியும் பென்சிலும் வையுங்கள். வருபவர் தனக்குப் பிடித்ததைத் தானே கண்டுபிடிப்பார், திரும்பவும் உங்களிடம்தான் வருவார்.

வாங்குபவர்களுக்கு: வீட்டில் யாருக்காவது சென்ட் வாங்கப் போகிறீர்கள் என்றால் அவர் ஆணா பெண்ணா என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாதது அவருக்கு எந்த வாசம் பிடிக்கும் என்பது. அதைக் கேட்டுவிட்டுப் போங்கள்.